வராத பில்தான் உண்மையான பில்

*ஐயா, ஹப்புத்தளையில் ஐந்து அறைகள் கொண்ட ஒரு சிறிய விடுதியை நடத்துகிறேன். எங்களுக்கு ஓர் இணையத்தளம் உண்டு. அதைச் செய்து தந்த தம்பி இப்போது கட்டாரில் வேலை செய்கிறார். போன வாரம் மின்னஞ்சலில் ஒரு பில் வந்தது. எங்கள் டொமைன் பெயர் சரியாகப் போடப்பட்டு, ஒக்டோபர் 30ஆம் திகதிக்குள் 84 டொலர் கட்டாவிட்டால் சேவை முடிந்துவிடும் என்று எழுதியிருந்தது. ஐந்து வருடத்துக்குக் கட்டினால் 249 டொலராம். அதற்கு இரண்டு நாள் கழித்து, ஐரோப்பாவில் உள்ள ஏதோ ஒரு வர்த்தக விவரத்திரட்டில் எங்கள் விடுதியைச் சேர்த்ததற்காக 995 யூரோ கேட்டு இன்னொரு பில் வந்தது. இரண்டையும் நாங்கள் கேட்கவில்லை. ஆனால் விவரங்களைச் சரிபார்க்கச் சொல்லி முன்பொரு முறை வந்த படிவத்தை நிரப்பி அனுப்பிய ஞாபகம் இருப்பதாகக் கணக்குப் பார்க்கும் என் மச்சாள் சொல்கிறார். டிசம்பர் சீசன் வருகிறது, தளம் நின்றுபோனால் முன்பதிவுகள் போய்விடும், 84 டொலரையாவது கட்டிவிடுவோம் என்கிறார். என்ன செய்வது?*

— ஹப்புத்தளை வாசகி

சகோதரி, இரண்டையும் கட்ட வேண்டாம். மச்சாளிடம் இன்றே சொல்லிவிடுங்கள், கார்ட் இலக்கம் எங்கேயும் போக வேண்டாம். ஆனால் இரண்டு பில்களையும் அழித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடவும் வேண்டாம். தளம் நின்றுபோகும் என்ற மச்சாளின் பயம் பொய்யான பயம் அல்ல. அது தவறான பில்லின்மீது போய் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் டொமைனுக்கு உண்மையிலேயே காசு கட்ட வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் பில் உங்களுக்கு வரவில்லை. அதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது.

முதலில் நீங்கள் இணைத்து அனுப்பிய 84 டொலர் பில்லைப் பார்ப்போம். மேலே உங்கள் டொமைன் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. அதன் கீழே சிவப்பில் ஒரு திகதி. வலப்பக்கத்தில் தொகை. பார்த்தவுடன் கண் இந்த மூன்றையும் சேர்த்துப் படித்துவிடுகிறது: ‘என் டொமைன், ஒக்டோபர் 30, 84 டொலர்.’ ஆனால் எதை விற்கிறார்கள் என்று எழுதிய வரி நடுவில், சாதாரண எழுத்தில் இருக்கிறது. அது டொமைன் புதுப்பித்தல் அல்ல. உங்கள் டொமைனைத் தேடுபொறிகளில் பதிவு செய்து தரும் சேவை. அப்படியானால் ஒக்டோபர் 30 எதன் திகதி? அவர்கள் உங்களுக்குத் தந்திருக்கும் சலுகையின் கடைசி நாள் மட்டுமே. உங்கள் டொமைனுக்கும் அந்த நாளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மின்னஞ்சலின் அடிக்குப் போய், சாம்பல் நிறத்தில் உள்ள பந்தியை நிதானமாகப் படித்துப் பாருங்கள். இது பில் அல்ல, விருப்பமிருந்தால் மட்டும் கட்டலாம் என்ற பொருளில் அங்கே இரண்டு வரிகள் இருக்கின்றன. பிற்பாடு யாராவது கேள்வி கேட்டால் காட்டுவதற்காகவே அந்த வரிகளை எழுதி வைக்கிறார்கள்.

விற்கும் சேவைக்கும் பெறுமதி இல்லை. கூகுள் தன் தேடல் முடிவுகளில் ஒரு தளத்தைச் சேர்ப்பதற்கு யாரிடமும் காசு வாங்குவதில்லை. அதற்கு வேண்டிய கருவியும் இலவசம், வரைபடத்தில் விடுதியைப் பதிவு செய்வதும் இலவசம். 84 டொலர் என்பது இன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 25,000 ரூபா. அதை வாங்கிக்கொண்டு அவர்கள் எதுவும் செய்யாமல் இருந்தாலும் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. உங்கள் தளம் எப்போதும் போலக் கூகுளில் வந்துகொண்டுதான் இருக்கும். அதைப் பார்த்து, கட்டிய காசு வேலை செய்கிறது என்று நினைத்து அடுத்த வருடமும் கட்டிவிடுவீர்கள். இவர்களுடைய வியாபாரம் இந்த இடத்தில்தான் நிற்கிறது.

உங்கள் டொமைன் பெயர் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். அதில் இரகசியம் எதுவும் இல்லை. ‘.com’ போன்ற முடிவுள்ள டொமைன்களின் முழுப் பட்டியலையும் விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ள முடியும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு மென்பொருளை அனுப்பி, ‘தொடர்புகொள்ள’ என்ற பக்கத்தில் உள்ள மின்னஞ்சல் முகவரியை எடுத்துக்கொள்வார்கள். முன்பு இதற்குக்கூட அவசியம் இருக்கவில்லை. டொமைன் வைத்திருப்பவரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எல்லாமே பொதுப் பதிவேட்டில் தெரிந்தன. ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2018 மே மாதத்துக்குப் பிறகுதான் பெரும்பாலானவற்றை மறைத்தார்கள். டொமைன் முடிவடையும் திகதியும் அதைப் பதிவு செய்த நிறுவனத்தின் பெயரும் இன்றும் மறைக்கப்படவில்லை, யாரும் பார்க்கலாம். அவர்களுக்குப் பயன்படும் அந்தத் திறந்த கதவு உங்களுக்கும் பயன்படும்.

கைப்பேசியில் `lookup.icann.org` என்று தட்டச்சு செய்து திறவுங்கள். மின்னஞ்சலில் வந்த எந்த இணைப்பையும் அழுத்தி அங்கே போக வேண்டாம். உலகம் முழுவதும் டொமைன் பெயர்களின் ஒழுங்கைக் கவனிக்கும் ஐகான் அமைப்பின் தேடல் பக்கம் அது. காசு கேட்காது, பெயர் விவரம் கேட்காது. உங்கள் டொமைனை இட்டுத் தேடினால் ஒரு நீண்ட பக்கம் வரும். அதில் இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும். `Registry Expiration` என்ற இடத்தில் உள்ளது டொமைன் முடிவடையும் நாள். `Registrar Information` என்ற தலைப்பின் கீழ் உள்ளது உங்கள் டொமைன் எந்த நிறுவனத்தின் ஊடாகப் பதிவாகியிருக்கிறது என்ற விவரம். பெயரைப் புதுப்பிக்கும் காசு போய்ச் சேர வேண்டிய இடம் அந்த நிறுவனம், அல்லது அந்த நிறுவனத்திடமிருந்து வாங்கித் தந்த முகவர். வேறு யார் டொமைன் புதுப்பித்தல் என்று பில் அனுப்பினாலும் அது உங்களுடைய பில் அல்ல.

உங்கள் கடிதம் கிடைத்ததும் நானும் தேடிப் பார்த்தேன். பில் அனுப்பியவர்களின் பெயர் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. உங்கள் டொமைன் நான்கு வருடங்களுக்கு முன், ஒரு டிசம்பர் 11ஆம் திகதி, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் ஊடாகப் பதிவாகியிருக்கிறது. நிறுவனத்தின் பெயரை உங்களுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். முடிவடையும் நாள் இந்த டிசம்பர் 11. ஒக்டோபர் 30 அல்ல.

அதாவது, சீசன் சூடு பிடிக்கும் நேரத்தில் உங்கள் டொமைன் முடிவடைகிறது. ஐகானின் விதிப்படி பதிவு நிறுவனங்கள் முடிவடையும் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு ஒரு முறையும், ஒரு வாரம் முன்பு ஒரு முறையும் நினைவூட்டல் அனுப்ப வேண்டும். புதுப்பிக்காமல் விட்டால், முடிந்து ஐந்து நாளுக்குள் மூன்றாவது நினைவூட்டலும் வர வேண்டும். உங்கள் விடயத்தில் நவம்பர் 11 அளவில் ஒன்று, டிசம்பர் 4 அளவில் ஒன்று. ஆனால் அவை பதிவில் உள்ள மின்னஞ்சலுக்குத்தான் போகும். தளத்தைச் செய்த தம்பி தன் பெயரில் கணக்குத் திறந்து, தன் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால், உண்மையான பில் கட்டாருக்குப் போகிறது. பொய்யான பில் மட்டும் ஹப்புத்தளைக்கு வருகிறது, ஏனென்றால் தளத்தில் தெரிவது உங்கள் முகவரி.

மலையகத்தில் விடுதி, வாகனச் சேவை, தேயிலைக் கடை என்று சிறிய தொழில் செய்பவர்களின் தளங்களைப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த நிலைமை உங்களுக்கு மட்டும் உரியதல்ல. சொந்தக்காரப் பையன் ஒருவர், அல்லது பக்கத்து ஊரில் கணினி படித்த ஒருவர், நல்ல மனதோடு தளத்தைச் செய்து தருகிறார். முதல் சில வருடம் அவரே தன் கார்டில் கட்டி, உங்களிடம் ரூபாவாக வாங்கிக்கொள்கிறார். பிறகு வேலை கிடைத்துக் கொழும்புக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுகிறார். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் விடுதிக்காரருக்குத் தன் டொமைன் எங்கே இருக்கிறது என்று தெரியாது. எங்கே கட்ட வேண்டும் என்று தெரியாதவரிடம் எவர் வேண்டுமானாலும் பில் நீட்டலாம். மின்சார பில்லை வேறொருவர் அனுப்பினால் நீங்கள் ஒரு நாளும் கட்ட மாட்டீர்கள், ஏனென்றால் அது யாரிடமிருந்து வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆகவே இந்த வாரமே அந்தத் தம்பியோடு வாட்ஸ்அப்பில் பேசுங்கள். “இந்த முறையும் நீங்களே கட்டிவிடுங்கள்” என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள்; அடுத்த வருடம் இதே இடத்தில் நிற்பீர்கள். அதே பதிவு நிறுவனத்தில் உங்கள் விடுதியின் மின்னஞ்சலைக் கொண்டு நீங்களே ஒரு கணக்குத் திறவுங்கள். பிறகு, தம்பியின் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு டொமைனை மாற்றித் தரும்படி கேளுங்கள். ஒரே நிறுவனத்துக்குள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றுவது பொதுவாகச் சில நிமிட வேலை. தம்பி அங்கிருந்து அனுப்புவார், உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வரும், நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்ற பிறகு, டொமைனின் உரிமையாளர் விவரத்தில் உங்கள் பெயரும் வியாபாரப் பதிவில் உள்ள விடுதியின் பெயரும் இருக்கிறதா என்று பார்த்துத் திருத்துங்கள். உரிமையாளர் விவரத்தை மாற்றிய பின் 60 நாள் வரை வேறு நிறுவனத்துக்கு டொமைனைக் கொண்டுபோக முடியாதபடி பூட்டு விழக்கூடும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அதே இடத்தில் காசு கட்டிப் புதுப்பிப்பதை அந்தப் பூட்டு தடுக்காது.

மின்னஞ்சல் விடயத்தில் ஒரு சிறு கவனம். உங்கள் விடுதியின் டொமைனிலேயே முடியும் முகவரியை இந்தக் கணக்குக்குக் கொடுக்காதீர்கள். டொமைன் முடிந்துபோனால் அந்த முகவரியும் செயலிழந்துவிடும், மீட்பதற்கான கடிதமே உங்களுக்கு வந்து சேராது. ஜிமெயில் போன்ற தனி முகவரி நல்லது.

தம்பியிடம் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: தளத்தின் கோப்புகள் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன, அதற்கு யார் கட்டுகிறார்கள்? டொமைன் என்பது பெயர் மட்டும். படங்களும் பக்கங்களும் இருக்கும் சேவையகத்துக்குத் தனியாக ஒரு வாடகை உண்டு. அதன் முடிவு நாள் எந்தப் பொதுப் பதிவேட்டிலும் தெரியாது. கணக்கு வைத்திருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். பல சமயம் இரண்டும் ஒரே நிறுவனத்தில் இருக்கும், சில சமயம் வேறு வேறு. உங்களுக்கு உண்மையாக வரக்கூடிய பில்கள் இந்த இரண்டும்தான். இரண்டின் நிறுவனப் பெயரையும், கட்ட வேண்டிய மாதத்தையும், கடைசியாகக் கட்டிய தொகையையும் எழுதி மச்சாளின் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை ஒரு பில் வந்தால் அவர் அந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டாலே போதும். சாதாரணமாக ஒரு ‘.com’ பெயரை ஒரு வருடத்துக்குப் புதுப்பிக்க 10 முதல் 20 டொலர் வரை ஆகும் என்பதையும் அதில் எழுதுங்கள். 84 என்ற எண்ணைப் பார்த்ததும் கை தானாக நின்றுவிடும்.

தம்பி கிடைக்காவிட்டால்? இன்னும் காலம் இருக்கிறது. பதிவு நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு நேரடியாக எழுதுங்கள். டொமைனின் பெயர், உங்கள் வியாபாரப் பதிவுச் சான்றிதழ், தம்பிக்குக் காசு கொடுத்த ரசீதுகள் அல்லது வங்கிப் பதிவுகள், அவரோடு பேசிய செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். உரிமையாளர் என்று அவருடைய பெயர் இருந்தால் உடனே மாற்றித் தர மாட்டார்கள். அது அவர்களுடைய கடமையும்கூட, இல்லாவிட்டால் எவரும் எவருடைய பெயரையும் எடுத்துவிடலாம். ஆனால் உரிமையை மாற்றாமலே புதுப்பித்தல் கட்டணத்தை மட்டும் வேறொருவரிடமிருந்து ஏற்றுக்கொள்ளும் நிறுவனங்கள் இருக்கின்றன. அதைக் குறிப்பாகக் கேளுங்கள். இந்த வருடத்தைத் தாண்டிவிட்டால் மீதியைப் பொறுமையாகத் தீர்த்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 11 தவறிப்போனாலும் அன்றே எல்லாம் கைவிட்டுப் போய்விடாது. ‘.com’ பெயர் முடிந்த பிறகு பதிவு நிறுவனம் அதை 45 நாள் வரை வைத்திருக்க முடியும். எத்தனை நாள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், குறைவாகவும் இருக்கலாம். அந்த நாட்களில் தளம் நின்றுவிடலாம், டொமைனில் முடியும் மின்னஞ்சல்களும் நின்றுவிடலாம். விடுதிக்கு இரண்டாவது நட்டம்தான் பெரியது என்பேன். தளம் இல்லாவிட்டாலும் விருந்தினர் முன்பதிவுத் தளங்களில் உங்களைக் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் “புகையிரத நிலையத்துக்கு வாகனம் அனுப்ப முடியுமா” என்று அவர் எழுதியது வந்து சேராமல் போனால், நீங்கள் பதில் போடாதவராகிவிடுவீர்கள். பெயர் நீக்கப்பட்டால் அதன் பிறகு 30 நாள் மீட்பு அவகாசம் உண்டு. அந்தக் கட்டத்தில் புதுப்பிக்கும் தொகைக்கு மேல் கணிசமான மீட்புக் கட்டணமும் கேட்பார்கள். அதுவும் போனால் ஐந்து நாளில் பெயர் யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடியதாக வெளியே வந்துவிடும். நிறுவனங்கள் சில, முடிந்த பெயர்களை அதற்கு முன்பே ஏலத்தில் விடுவதும் உண்டு. ஆகவே இந்த அவகாசங்களை நம்பித் திட்டமிடாதீர்கள்.

இந்தப் பத்தியைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு விடயம். உங்களுக்கு வந்த பில் தேவையில்லாத சேவையை விற்கிறது, ஆனால் டொமைனைத் தொடவில்லை. டொமைனையே இழுத்துக்கொள்ளும் பில்லும் இருக்கிறது. புதுப்பித்தல் என்று சொல்லிப் பல மடங்கு விலைக்குக் கட்ட வைத்து, அந்த ஒப்புதலைக் கொண்டு டொமைனைத் தங்களுடைய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வார்கள். டொமைன் ரெஜிஸ்ட்ரி ஒஃப் அமெரிக்கா என்ற பெயரில் அரசாங்கக் கடிதம் போல வந்த தபால்கள் இதற்குப் பேர்போனவை. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2003இல் அந்த நிறுவனத்தின்மீது நடவடிக்கை எடுத்தது. அப்படியும் கடிதங்கள் ஓயவில்லை. 2014இல் அதோடு தொடர்புடைய பதிவு நிறுவனத்தின் அங்கீகாரத்தை ஐகான் தற்காலிகமாக நிறுத்தியது. இந்த வகையிலிருந்து உங்களைக் காப்பாற்றுவது இரண்டு விடயங்கள். ஒன்று, டொமைனின் மாற்றப் பூட்டு. தேடல் பக்கத்தில் `clientTransferProhibited` என்று தெரிந்தால் பூட்டு போட்டிருக்கிறது. உங்களுடையது பூட்டியே இருக்கிறது. மற்றது, மாற்றுவதற்கு வேண்டிய இரகசியக் குறியீடு. உங்கள் கணக்கின் உள்ளே இருக்கும் அதை யார் கேட்டாலும், எந்தக் காரணம் சொன்னாலும், கொடுக்கக் கூடாது. புதுப்பிப்பதற்கு அந்தக் குறியீடு தேவையே இல்லை. புதுப்பிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அதைக் கேட்பவர் டொமைனைக் கொண்டுபோகப் பார்க்கிறார்.

‘.lk’ பெயர் வைத்திருப்பவர்கள் ஐகான் பக்கத்தில் தேட வேண்டியதில்லை. அந்தப் பெயர்களின் பதிவேடு நம் நாட்டிலேயே எல்கே டொமைன் பதிவகத்தில் இருக்கிறது. `domains.lk` என்று தட்டச்சு செய்து போய்ப் பார்க்கலாம். ‘.lk’ பெயருக்கு டொலரில் அந்நியர் ஒருவர் பில் அனுப்பினால் அதற்கு மேல் ஆராயவும் தேவையில்லை.

இனி அந்த 995 யூரோ. இதை நான் முதலாவதைவிடக் கொடியதாகப் பார்க்கிறேன், ஏனென்றால் இதில் ஒரு கையொப்பம் இருக்கக்கூடும். இவ்வகையான விவரத்திரட்டுகள் முதலில் பில் அனுப்புவதில்லை. உங்கள் விடுதியின் பெயரும் முகவரியும் ஏற்கெனவே அச்சிட்ட ஒரு படிவத்தை அனுப்பி, தவறு இருந்தால் திருத்தி அனுப்புங்கள், திருத்துவது இலவசம் என்பார்கள். திருத்துவது உண்மையில் இலவசம்தான். ஆனால் கையொப்பம் இடும் கோட்டுக்கு மேலே, பொடி எழுத்தில், இப்படிவத்தில் கையொப்பமிடுபவர் மூன்று வருடங்களுக்கு வருடம் 995 யூரோ வீதம் விளம்பரத்துக்கு உடன்படுகிறார் என்று இருக்கும். மூன்று வருடத்துக்கு 2,985 யூரோ; நம் காசில் 10 இலட்சம் ரூபா அளவு. ஐந்து அறை விடுதியிடமிருந்து, விவரம் சரிபார்த்த ஒரு கையொப்பத்துக்காக, 10 இலட்சம் கேட்கிறார்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

மச்சாளைக் கடிந்துகொள்ள வேண்டாம். சுற்றுலா அதிகார சபைக்கும் பிரதேச சபைக்கும் முன்பதிவுத் தளங்களுக்கும் ஆண்டு முழுவதும் இப்படியான படிவங்களை நிரப்பிக்கொண்டிருப்பவர் அவர். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் அந்தப் படிவம் வடிவமைக்கப்படுகிறது. அவர் அனுப்பியது இதே நிறுவனத்தின் படிவம்தானா என்பதும் இன்னும் தெரியாது. முதலில் அனுப்பிய மின்னஞ்சல்களில் தேடிப் பாருங்கள். கிடைத்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவர்களுக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். விளம்பரம் எதையும் விலைக்கு வாங்க எங்கள் விடுதி உடன்படவில்லை, இந்தத் தொகையை முழுமையாக மறுக்கிறோம், ஒப்பந்தம் இருப்பதாகச் சொன்னால் அதன் பிரதியை அனுப்புங்கள் என்று மூன்று வசனம் போதும். “எங்கள் ஓர்டரை இரத்துச் செய்யுங்கள்” என்று எழுதக் கூடாது. இரத்துச் செய்யக் கேட்டால் ஓர்டர் இருந்ததை நீங்களே ஒப்புக்கொண்டதாகக் காட்டுவார்கள். கடிதத்தில் கையொப்பமோ விடுதியின் முத்திரையோ வைக்க வேண்டாம்.

அவர்கள் பிரதியை அனுப்பி, அதில் மச்சாளின் கையொப்பம் இருந்தாலும் கட்டிவிடாதீர்கள். இலவசத் திருத்தம் என்று சொல்லித் தவறாக வழிநடத்திப் பெற்ற கையொப்பம் இது, இதை ஏற்க மாட்டோம் என்று ஒரு முறை பதில் எழுதுங்கள். விடுதி உங்கள் பெயரில் பதிவாகியிருந்தால், உங்கள் சார்பில் இப்படி ஓர் ஒப்பந்தம் செய்ய மச்சாளுக்கு அதிகாரம் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு கடிதங்கள் தொடரும். தாமதக் கட்டணம் சேரும், கடன் வசூல் நிறுவனம் என்று இன்னொரு பெயரில் எழுதுவார்கள், பிறகு ‘ஒரு வருடத்துக்கு மட்டும் கட்டுங்கள், மீதியை விட்டுவிடுகிறோம்’ என்று இரக்கப்படுவது போல வருவார்கள். கடைசியில் சொன்னதுதான் ஆபத்து. ஒரு பகுதியைக் கட்டினாலும் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டதாக அதைக் காட்டுவார்கள். கடன் வசூல் நிறுவனம் என்பதற்குக் கடிதம் எழுதுவதைத் தவிரத் தனி அதிகாரம் எதுவும் கிடையாது. நீதிமன்றத்திலிருந்து உண்மையாகவே ஓர் ஆவணம் வந்தால் மட்டும் அதைப் புறக்கணிக்காமல், எல்லாக் கடிதங்களையும் எடுத்துக்கொண்டு பதுளையிலோ பண்டாரவளையிலோ ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

ஒருவேளை இந்தப் பதில் உங்கள் கைக்கு வருவதற்குள் மச்சாள் 84 டொலரைக் கட்டியிருந்தால், முதலில் வங்கிக்கு அழையுங்கள். பொலிஸ் முறைப்பாட்டுக்கு முன்னரே வங்கி. கார்டை நிறுத்தி வேறு கார்ட் கேளுங்கள், ஏனென்றால் அந்த இலக்கத்தை வைத்து அடுத்த வருடமும் தானாக எடுத்துக்கொள்ளலாம். டொமைன் புதுப்பித்தல் என்று நம்ப வைத்து வேறொன்றை விற்றார்கள் என்று எழுதி, பில்லின் பிரதியையும் ஐகான் பக்கத்தின் பிரதியையும் இணைத்து, கொடுப்பனவை மறுக்கும் படிவத்தைக் கொடுங்கள். இதற்குக் கால எல்லை உண்டு, தள்ளிப்போடாதீர்கள். கார்டில் கட்டியதற்கு இந்த வழி இருக்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து வெளிநாட்டுக்கு நேரடியாக அனுப்பிய காசைத் திரும்பப் பெறுவது மிகவும் கடினம். பிறகு இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் அமைப்புக்கு அந்த மின்னஞ்சலை அப்படியே அனுப்பி அறிவியுங்கள். காசை அவர்கள் மீட்டுத் தருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது, ஆனால் பதிவில் இருப்பது வங்கியோடு பேசும்போதும் உதவும்.

கடைசியாக, தம்பியோ நீங்களோ புதுப்பித்த பின் அது உண்மையாக நடந்ததா என்று பார்க்கும் முறை. ரசீதை மட்டும் நம்பாமல் மீண்டும் `lookup.icann.org` பக்கத்தில் தேடுங்கள். திகதி அடுத்த வருட டிசம்பர் 11 என்று மாறியிருக்க வேண்டும். பெரும்பாலும் சில நிமிடங்களில் மாறிவிடும். இந்தச் சோதனையை டிசம்பர் 11க்கு முன்பே செய்ய வேண்டும். அந்த நாள் கடந்துவிட்டால், யாரும் காசு கட்டாவிட்டாலும் ‘.com’ பதிவேடு தன் பக்கத்தில் தானாக ஒரு வருடத்தைக் கூட்டிக் காட்டும். பதிவு நிறுவனம் பிற்பாடு பெயரை விட்டுவிட்டால் அந்த வருடம் திரும்ப எடுக்கப்பட்டுவிடும். டிசம்பர் 15ஆம் திகதி பார்த்து, அடுத்த வருடம் என்று இருக்கிறதே எனத் திருப்திப்பட்டவர்களின் தளம் ஜனவரியில் நின்றிருக்கிறது. ஆகவே நவம்பர் நடுப்பகுதிக்குள் கட்டி, அன்றே தேடிப் பாருங்கள். திகதி மாறவில்லை என்றால் பக்கத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள், நிறுவனத்துக்கு என்ன எழுதுவது என்று சொல்கிறேன்.